பிபி மாத்திரை மாத்தி 9 நாள் ஆச்சு, அம்மாவுக்கு இருமல் நிக்கல: எனலாப்ரில்தான் காரணமா?

வேப்பமரத்தடி | சனி, இரவு 9:12

அம்மாவுக்கு 58 வயசு. தை கடைசியில பிபி 164/98 இருந்தது. எனலாப்ரில் 5 மி.கி. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்தாங்க. பிபி நல்லாவே இறங்கிச்சு. பங்குனி நடுவுல இருமல் ஆரம்பிச்சது. சளி இல்ல, காய்ச்சல் இல்ல, மூச்சு வாங்கல. தொண்டையில பஞ்சு ஒட்டின மாதிரி இருக்குன்னு சொல்லிட்டே இருமுவாங்க. போன்ல பேச ஆரம்பிச்சா நாலாவது வார்த்தையில இருமல். சமையல்கட்டுல வத்தல் கிள்ளிப் போட்டா அவ்வளவுதான், கொல்லைப்பக்கம் போய் நின்னு அஞ்சு நிமிஷம் இருமிட்டு வருவாங்க.

மூணு விதமான சிரப், ரெண்டு தடவை ஆன்டிபயாடிக். எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னாங்க. டிபி சந்தேகத்துல சளி கேட்டாங்க, வராத சளியை எங்கிருந்து எடுக்கிறது? எப்படியோ கொடுத்தோம், அதுலயும் ஒண்ணுமில்ல. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அம்மா போறதையே நிறுத்திட்டாங்க. இருமும்போது சிறுநீர் கசியுதுன்னு தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லியிருக்காங்க. அது எனக்குத் தெரிஞ்சதே போன வாரம்தான்.

கடைசியா ஒரு சின்ன வயசு டாக்டர் சீட்டை மேலிருந்து கீழ படிச்சுட்டு, "இந்த மாத்திரைதான்மா"ன்னு எனலாப்ரிலை அடிச்சிட்டு டெல்மிசார்டன் 40 எழுதினார். இன்னியோட 9 நாள். இருமல் கொஞ்சம் கொறஞ்சிருக்கு, போகல. அவர் கணிச்சது தப்பா? அதைவிட எனக்குப் புரியாதது, ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்?

---

மெடிக்கல் ரவி | சனி, இரவு 9:40

தம்பி, 22 வருஷமா கடை வச்சிருக்கேன். "பிரில்"னு முடியுற மாத்திரை எல்லாத்துக்கும் இந்த இருமல் உண்டு. டாக்டர் சொன்னது சரி. ஆனா மாத்திரையையே மாத்தியிருக்க வேண்டாம், பவர் ஜாஸ்தியானதால வந்தது. 10 மி.கி.யை 5 ஆக்கியிருந்தா நின்னிருக்கும். இல்லன்னா ரமிப்ரில் கொடுத்திருக்கலாம், அது கொஞ்சம் சாது. சிரப்புக்கு செலவு பண்ணாதீங்க, இந்த இருமல் சிரப்புக்குக் கேக்காது.

---

கோமதி அக்கா | சனி, இரவு 10:05

டெல்மிசார்டன் கொடுக்காதீங்க தம்பி!! எனக்கு அதைப் போட்டதுல இருந்து ரெண்டு காலும் வீங்கிப்போச்சு. சாயந்திரம் ஆனா கொலுசு கழட்ட முடியல. அம்மா காலைப் பாத்துக்கோங்க.

---

மருந்தியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 6:30

மருத்துவக் கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல வருஷம் நடத்தியவன், இப்போது ஓய்வு. கேள்வி நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் 9 நாள் விஷயம். மாத்திரையை நிறுத்திய மறுநாளே இருமல் நிற்காது. பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம்கூட இழுக்கும். குறைந்திருக்கிறது என்கிறீர்கள், அது நல்ல அடையாளம். 9 நாளை வைத்து அந்த டாக்டரைத் தப்பு சொல்ல முடியாது. முதல் மாத்திரைக்குப் பல வாரம் கழித்து இருமல் வந்ததும் இதற்குப் பொருந்தும். சிலருக்கு முதல் நாளே வரும், சிலருக்கு மாதக்கணக்கில் கழித்து வரும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் மாத்திரை மேல் சந்தேகமே வருவதில்லை.

இனி தொண்டைக்கு என்ன சம்பந்தம் என்பது. ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்று ஒரு சங்கிலி ஓடுகிறது, பத்து மணி கோத்த மாலை மாதிரி. அந்த நிலையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஏசிஇ என்றொரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு கத்தரிக்கோல். மாலையின் வால்பக்கத்தில் இரண்டு மணியை நறுக்கும். மிஞ்சிய எட்டு மணி மாலைதான் குழாய்களை இறுக்கி பிபியை ஏற்றுவது. எனலாப்ரில் அந்தக் கத்தரிக்கோலின் வாயை அடைத்துவிடுகிறது. எட்டு மணி மாலை குறைகிறது, பிபி இறங்குகிறது.

சிக்கல் என்னவென்றால் அந்தக் கத்தரிக்கோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்று ஒன்பது மணி கொண்ட வேறொரு மாலை. காயம், வீக்கம், எரிச்சல் வரும் இடத்தில் உண்டாகிற பொருள் அது. அதையும் இதே கத்தரிக்கோல்தான் நறுக்கிச் செயலிழக்க வைக்கும். வாயை அடைத்தபின் நறுக்க ஆள் குறைவு, மூச்சுக்குழாயில் பிராடிகைனின் தேங்குகிறது. அங்கேயுள்ள மெல்லிய நரம்பு முனைகள் அதனால் தொட்டாற்சிணுங்கி ஆகின்றன. சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு பொருளும் இதே வழியில் தேங்குகிறது. சாதாரணமாக இருமலைத் தூண்டாத சின்ன நெடி, பேச்சுக் காற்று, சிரிப்பு எல்லாம் இப்போது தூண்டும்.

அம்மா வத்தல் நெடிக்கு இருமுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிப்பதும் மிளகாயை வைத்துத்தான். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கரைத்து, துளித்துளியாக அடர்த்தி கூட்டி முகரக் கொடுப்பார்கள். எந்த அளவில் இருமல் வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். இந்த மாத்திரையால் இருமல் வந்தவர்களுக்கு, மாத்திரை உள்ளே இருக்கும்போது மிகக் குறைந்த காரத்திலேயே இருமல் வந்துவிடும். உங்கள் வீட்டு அடுப்படியில் அந்தச் சோதனை தினமும் நடந்திருக்கிறது.

டெல்மிசார்டன் கத்தரிக்கோலைத் தொடுவதே இல்லை. எட்டு மணி மாலை உண்டாகட்டும் என்று விட்டுவிட்டு, அது போய் உட்காரும் ஏற்பியில் தான் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்கிறது. கத்தரிக்கோல் சும்மா இருப்பதால் பிராடிகைனின் வழக்கம்போல நறுக்கப்பட்டுவிடும்.

ரவி சொன்னதில் பாதி சரி. பிரில் குடும்பம் முழுவதற்கும் இது உண்டு, சிரப் கேட்காது, இரண்டும் உண்மை. அளவைக் குறைத்தால் நிற்கும் என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், பலருக்கு 2.5 மி.கி.யிலும் இருமல் வரும். எனலாப்ரிலிலிருந்து ரமிப்ரிலுக்கு மாற்றுவதும் அதே கத்தரிக்கோலை வேறு துணியால் கட்டுவதுதான்.

---

மெடிக்கல் ரவி | ஞாயிறு, காலை 8:15

சரிங்க சார், ஒத்துக்கிறேன். ஆனா பெரிய ஆஸ்பத்திரியில ரமிப்ரில், டெல்மிசார்டன் ரெண்டும் சேத்தே எழுதுன சீட்டு என் கடைக்கு வந்திருக்கு. ரெண்டு பக்கமும் அடைச்சா இன்னும் நல்லதுன்னுதானே?

---

மருந்தியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 8:50

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம், நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2008இல் ஆன்டார்கெட் என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. இதயம், ரத்தக்குழாய் சிக்கல் உள்ள 25,620 பேர். ஒரு பிரிவுக்கு ரமிப்ரில், ஒரு பிரிவுக்கு டெல்மிசார்டன், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என்று பார்த்தால் டெல்மிசார்டன் ரமிப்ரிலுக்குச் சளைக்கவில்லை. இரண்டும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தலைசுற்றி விழுவதும் சிறுநீரகம் சோர்வதும்தான் கூடின. அதோடு அந்தச் சேர்க்கையை விட்டாயிற்று. பழைய பழக்கத்தில் யாராவது எழுதினால், கடையில் இருக்கும் நீங்கள் ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

அதே ஆய்வில் இருமலால் மருந்தை விட்டவர்கள் ரமிப்ரிலில் 4.2 சதவீதம், டெல்மிசார்டனில் 1.1 சதவீதம்.

---

ஏன்எதற்கு | ஞாயிறு, காலை 10:20

4.2 சதவீதம்தானா? மற்ற இடங்களில் 10, 20, 35 சதவீதம் வரை படித்திருக்கிறேன். எது சரி?

இன்னொன்று. கத்தரிக்கோல் கதை கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எனலாப்ரில் சாப்பிடும் எல்லோருக்கும் கத்தரிக்கோல் அடைபடுகிறதே, ஏன் எல்லோரும் இருமுவதில்லை? "இந்த மாத்திரைக்கு இருமல் வரும்" என்று காதில் விழுந்த பிறகு வரும் இருமல் எவ்வளவு என்று யாராவது பார்த்தார்களா?

---

மருந்தியல் வாத்தியார் | ஞாயிறு, பகல் 12:05

சதவீதம் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. ஆன்டார்கெட்டில் எல்லோருக்கும் முதலில் சில வாரம் மருந்து கொடுத்துப் பார்த்து, தாங்காதவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஆய்வையே தொடங்கினார்கள். போதாததற்கு, இருமினவர்களை விட்டுவிட்டு இருமலால் மருந்தை நிறுத்தினவர்களை மட்டும் எண்ணினார்கள். "இருமல் இருக்கிறதா" என்று நேரே கேட்டால் எண்ணிக்கை ஏறும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், புகைக்காதவர்களுக்கு அதிகம், சீனர் உள்ளிட்ட கிழக்காசியர்களுக்கு இன்னும் அதிகம்.

காதில் விழுந்து வரும் இருமலையும் பார்த்திருக்கிறார்கள். 1994இல் வெளியான ஒரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். ஏற்கெனவே பிரில் மாத்திரையால் இருமல் வந்தவர்களையே பிடித்து, என்ன மாத்திரை என்று சொல்லாமல், சிலருக்கு லிசினோப்ரில், சிலருக்கு லோசார்டன், சிலருக்கு நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடு கொடுத்தார்கள். லிசினோப்ரில் குழுவில் 72 சதவீதம் பேருக்கு இருமல் திரும்பியது. லோசார்டனில் 29. நீர் மாத்திரையில் 34.

இதை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். சார்டன், நீர் மாத்திரையைவிட அதிக இருமலைத் தரவில்லை என்பது ஒன்று. இருமலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத நீர் மாத்திரைக்கே மூன்றில் ஒருவர் இருமினார் என்பது இன்னொன்று. உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் 72க்கும் 34க்கும் உள்ள இடைவெளியை வெறும் மனப்பிராந்தி என்று தள்ள முடியாது.

ஏன் எல்லோரும் இருமுவதில்லை? பிராடிகைனினை நறுக்க உடம்பில் வேறு கத்தரிக்கோல்களும் உண்டு. அவை யாருக்கு எவ்வளவு சுறுசுறுப்பு, யாருடைய நரம்பு எவ்வளவு கூச்சம் என்பதில் வித்தியாசம் இருக்கலாம். மரபணுவில் தேடிப் பார்த்தார்கள், ஒரு ஊரில் கிடைத்தது அடுத்த ஊரில் கிடைக்கவில்லை. இதற்கு மேல் நான் அடித்துச் சொன்னால் அது பொய்.

ஒரு கொசுறு. இந்த மருந்தின் பூர்வீகமே பிராடிகைனின்தான். 1949இல் பிரேசிலின் சாவோ பாலோவில் ரோஷா இ சில்வா குழுவினர் ஜராராக்கா என்ற விரியன் வகைப் பாம்பின் விஷத்தை ரத்தத்தோடு கலந்து பார்த்தபோது உண்டான பொருளுக்குத்தான் பிராடிகைனின் என்று பெயர் வைத்தார்கள். 1965இல் அதே நாட்டு செர்ஜியோ ஃபெரெய்ரா, அந்த விஷத்திலேயே பிராடிகைனினின் வேகத்தைப் பல மடங்கு கூட்டும் பொருளும் இருக்கிறது என்று கண்டார். அதை லண்டனில் ஜான் வேன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அங்கேதான் அது ஆஞ்சியோடென்சின் கத்தரிக்கோலையும் அடைக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஒண்டெட்டியும் குஷ்மனும் அந்தத் தடத்தில் போய் கேப்டோப்ரிலைச் செய்தார்கள், 1981இல் அங்கே அனுமதி கிடைத்தது. பிராடிகைனினைக் கூட்டும் பொருள் என்று அறிமுகமாகி, பிறகு பிபி மருந்தானது. இருமல் புகார்கள் வரத் தொடங்கியபோது நாங்கள் ஆச்சரியப்பட்டோம் என்பதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியம்.

---

வடமராட்சியாள் | ஞாயிறு, இரவு 7:30

நான் ரொறன்ரோவில எமர்ஜென்சியில தாதியா இருக்கிறன். இருமலோட நிண்டால் அதிர்ஷ்டம் எண்டுதான் சொல்லுவன். அதே பிராடிகைனின் சிலருக்கு உதட்டிலயும் நாக்கிலயும் வேலை காட்டும். ரெண்டு கிழமைக்கு முன்னம் ஒருத்தர் வந்தவர், அஞ்சு வருசமா ஒரு பிரச்சினையும் இல்லாமல் லிசினோப்ரில் எடுத்தவர். காலமை எழும்பேக்கை மேல் உதடு மட்டும் வீங்கியிருந்ததாம், எறும்பு கடிச்சிட்டுது எண்டு நினைச்சிருக்கிறார். மத்தியானம் வரேக்கை நாக்குத் தடிச்சு கதை தெளிவில்லை. கடி இல்லை, தடிப்பு இல்லை. அலர்ஜிக்குக் குடுக்கிற ஊசியள் இதுக்குப் பெரிசா வேலை செய்யாது, மூச்சுப்பாதையை மூடவிடாமல் பாக்கிறதுதான் எங்கட வேலை. இது ஆயிரத்தில ஒரு சிலருக்குத்தான் வாறது, ஆனா ஒருக்கா வந்தால் பிறகு பிரில் பக்கமே போகக்கூடாது. அம்மாவுக்கு இருமல் மட்டும்தானே தம்பி? உதடு, நாக்கு, முகம் ஏதும் வீங்கினதோ?

---

வேப்பமரத்தடி | ஞாயிறு, இரவு 8:02

இல்லக்கா, கேட்டுப் பாத்துட்டேன். அப்படி எதுவும் இல்ல. இருமல் மட்டும்தான்.

---

ரிட்டயர்டு டிரைவர் | ஞாயிறு, இரவு 10:48

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையைப் படிச்சதும் எனக்கும் விளங்கிருச்சு. வயசு 61. நாலு மாசம் முன்ன அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. ரமிப்ரில் 5 அப்போல இருந்து போடுறேன். பத்து நாளா இருமல். பகல்ல அவ்வளவா இல்ல, படுத்தா வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஜன்னலோரம் உக்காந்தா அடங்குது. ரமிப்ரில்தான் காரணம்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு, மூணு நாள் முன்னயே நிறுத்திட்டேன். வாத்தியார் சொன்ன மாதிரி நாலு வாரம் பொறுத்துப் பாக்கலாம்னு இருக்கேன். இடையில டெல்மிசார்டன் நானே வாங்கிப் போட்டுக்கலாமா, எத்தனை மி.கி.?

---

மருந்தியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 10:55

ஐயா, பொறுக்காதீர்கள். மூன்று கேள்வி, உடனே பதில் வேண்டும். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? எடை கூடியிருக்கிறதா? கால்?

---

ரிட்டயர்டு டிரைவர் | ஞாயிறு, இரவு 11:01

ரெண்டு தலையணை. நேத்துல இருந்து மூணு. எடை போன வாரத்தைவிட 3 கிலோ ஜாஸ்தி, சாப்பாடு கூடல. செருப்பு வார் இறுக்குது, ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கேன்.

---

மருந்தியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 11:04

இது வேப்பமரத்தடி அம்மாவின் இருமல் இல்லை. இதயம் ரத்தத்தைப் போதிய அளவு இறைத்து அனுப்ப முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும்போது வருகிற இருமல் மாதிரி தெரிகிறது. படுத்தால் கூடுவது, உட்கார்ந்தால் அடங்குவது, ஒரே வாரத்தில் 3 கிலோ, கால் வீக்கம், எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகிறது. ரமிப்ரிலை நீங்களாக நிறுத்தியது இதயத்தின் சுமையைக் கூட்டியிருக்கும். இப்போதே வீட்டாரை எழுப்பி, ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலை வரை வேண்டாம். மாத்திரை சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், மூன்று நாள் நிறுத்தினதை மறைக்காமல் சொல்லுங்கள்.

---

வடமராட்சியாள் | ஞாயிறு, இரவு 11:10

ஐயா, வாத்தியார் சொல்லுறதைக் கேளுங்கோ. மூச்சு முட்டினால் 108ஐக் கூப்பிடுங்கோ, ஸ்கூட்டரில போகாதேங்கோ.

---

ஏன்எதற்கு | திங்கள், காலை 9:30

அவருக்குச் சரியாக வேண்டும். இரவு முழுக்க இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன்.

வேறு யாரும் பேசாததால் ஒரு கேள்வி. சார்டனில் இருமல் இல்லை, உதடு வீங்குவதும் குறைவு, பலனும் சமம் என்றால் பிரில் எதற்கு இன்னும் கடையில் இருக்கிறது?

---

மருந்தியல் வாத்தியார் | திங்கள், பகல் 11:40

இதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது, என் கருத்தைச் சொல்கிறேன். வெறும் ரத்தக் கொதிப்புக்கு, அதுவும் பெண்ணுக்கு, முதல் சீட்டிலேயே சார்டன் எழுதுவதைத்தான் நான் விரும்புவேன். இதயம் பலவீனமானவர்கள் விஷயம் வேறு. அங்கே பிரிலுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 1987இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில் மிக மோசமான இதயச் செயலிழப்பு இருந்த 253 பேரில், ஆறு மாதத்தில் வெற்று மாத்திரைக் குழுவில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாப்ரில் குழுவில் 26. அந்த எண்ணைப் பார்த்த தலைமுறை பிரிலை எளிதில் கைவிடாது. இருமல் வந்தால் சார்டனுக்கு மாற்றுவார்கள், வராவிட்டால் எதற்கு மாற்ற வேண்டும்?

சார்டன் எல்லா வகையிலும் சாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இருமலையும் உதடு வீக்கத்தையும் தவிர்த்தால் இரண்டுக்கும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகத்தின் கிரியேட்டினின் ஏறலாம். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கூடாது. வேப்பமரத்தடி, மாத்திரை மாற்றி இரண்டு வாரம் ஆகும்போது அம்மாவுக்கு இந்த இரண்டு பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

கோமதி அம்மா, உங்களை மறக்கவில்லை. டெல்மிசார்டன் மட்டும் கால் வீக்கத்தைத் தருவது வழக்கமில்லை. உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பேரப்பிள்ளையை விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

கோமதி அக்கா | திங்கள், மாலை 5:20

பேரன் படிச்சான். டெல்மிசார்டன் 40, அதுக்குக் கீழ ஆம்லோடிபின் 5ன்னு போட்டிருக்காம். ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்தா? யாரும் சொல்லலியே.

---

மெடிக்கல் ரவி | திங்கள், மாலை 5:45

அக்கா, கால் வீக்கம் அந்த ஆம்லோடிபின் வேலைதான். அது எங்க கடையிலயே தினமும் ரெண்டு பேர் சொல்ற புகார். நீங்களா நிறுத்தாதீங்க, எழுதினவர்கிட்ட காலைக் காட்டுங்க. (இதுல நான் முழுசா சரின்னு நினைக்கிறேன் சார்.)

---

மருந்தியல் வாத்தியார் | திங்கள், மாலை 6:10

முழுசா சரி.

---

ரிட்டயர்டு டிரைவர் | சனி, காலை 11:15

நேத்து சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். நுரையீரல்ல நீர் கோத்திருந்துச்சாம். ஊசி போட்டு ரெண்டு நாள் பூரா சிறுநீர்தான், 4 கிலோ இறங்கிருச்சு. இருமல் மூணாம் நாளே போச்சு. ரமிப்ரில் மறுபடி 2.5ல ஆரம்பிச்சிருக்காங்க, இருமல் வரல. அப்ப என் இருமலுக்கு அந்த மாத்திரை காரணமே இல்ல, நான்தான் அதை நிறுத்தி நிலைமையைக் கெடுத்திருக்கேன்.

ஒரு சந்தேகம். அடுத்த மாசம் சகுபிட்ரில் வல்சார்டன்னு வேற மாத்திரைக்கு மாத்துவாங்களாம். ரமிப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழிச்சுத்தான் அதைத் தொடணும்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாங்க. இப்ப நடுவுல நிறுத்தக் கூடாதுங்கிறாங்க, அப்ப நிறுத்தணுங்கிறாங்க.

---

மருந்தியல் வாத்தியார் | சனி, மதியம் 1:00

உங்கள் பதிவுக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா.

பிராடிகைனினை நறுக்க வேறு கத்தரிக்கோல்களும் உண்டு என்று முன்னே எழுதினேன் அல்லவா? அதில் ஒன்றை சகுபிட்ரில் அடைக்கும். ரமிப்ரில் உடம்பில் இருக்கும்போதே இதையும் போட்டால் இரண்டு கத்தரிக்கோலும் ஒரே நேரத்தில் கட்டப்படும், வடமராட்சியாள் சொன்ன நாக்கு வீக்கம் வரும் ஆபத்து கூடும். முதல் மருந்து வெளியேறத்தான் அந்த 36 மணி நேரம். அதனால்தான் சகுபிட்ரிலுக்குத் துணையாகப் பிரிலைச் சேர்க்காமல் சார்டனைச் சேர்த்திருக்கிறார்கள். வேப்பமரத்தடி அம்மா மாதிரி எனலாப்ரிலிலிருந்து நேராக டெல்மிசார்டனுக்குப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி தேவையில்லை, அடுத்த வேளையிலேயே தொடங்கலாம்.

---

ஏன்எதற்கு | சனி, மதியம் 2:25

அப்படியானால் பிராடிகைனினின் ஏற்பியையே அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் நாக்கு வீக்கம் உடனே அடங்க வேண்டுமே?

---

மருந்தியல் வாத்தியார் | சனி, மதியம் 3:10

அடங்க வேண்டும். இகாட்டிபன்ட் என்று அப்படி ஒரு ஊசி இருக்கிறது. 2015இல் வந்த சின்ன ஆய்வில் நன்றாக வேலை செய்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த பெரிய ஆய்வில் வெற்று ஊசிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. நோயாளிகள் தாமதமாக வந்ததாலா, பிராடிகைனின் மட்டுமே குற்றவாளி இல்லையா, இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் முதல் சந்தேகத்தை நான் முழுசாகத் தீர்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

---

வேப்பமரத்தடி | 24ஆம் நாள், இரவு 8:40

தகவலுக்கு. பொட்டாசியம் 4.6, கிரியேட்டினின் 0.9, ரெண்டும் சரியா இருக்குன்னாங்க. பிபி 138/86. 17ஆம் நாள் வாக்கில ராத்திரி இருமல் நின்னுச்சு, நாலு நாளா பகல்லயும் இல்ல. நேத்து அத்தைகிட்ட போன்ல முக்கால் மணி நேரம் பேசினாங்க, நான்தான் போனைப் பிடுங்க வேண்டியதாப் போச்சு. இன்னிக்கு ரசத்துக்கு வத்தல் கிள்ளிப் போடும்போது பக்கத்துல நின்னு பாத்தேன். ரெண்டு செருமல். கொல்லைப்பக்கம் போகல.

சீட்டு மேல "எனலாப்ரில், ரமிப்ரில் வகை வேண்டாம், இருமல்"னு சிவப்புப் பேனாவுல எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்டயே வாங்கிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா வர்றாங்க.